அதிகம் விற்ற காலாண்டில் லாபம் எங்கே போனது? ஒரு வால்வு தொழிற்சாலையின் கணக்கு

மூன்றாம் காலாண்டின் லாப நட்டக் கணக்கு மேசைக்கு வந்ததும் விற்பனை மேலாளர் கேட்டது ஒரே கேள்விதான். "சார், இந்த வருஷத்திலேயே நாங்க அதிகமா வித்தது இந்த மூணு மாசத்துலதான். போன காலாண்டுல எட்டாயிரம் வால்வு, இப்போ பதினோராயிரம். அப்போ 3.8 லட்சம் லாபம்னு போட்டீங்க. இப்போ வெறும் 20 ஆயிரம்னா எப்படி?"

நிர்வாக இயக்குநருக்கு வேறு சந்தேகம். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட விற்பனைப் பிரிவு தள்ளுபடியை வாரிக் கொடுத்திருக்கும் என்று நினைத்தார். பில்களைப் பார்த்தால் விலை ஒரு பைசா குறையவில்லை. மூலப்பொருள் விலை ஏறியிருக்குமோ என்றால் அதுவும் இல்லை. மின்சாரம், வாடகை, சம்பளம் எல்லாம் பழைய அளவில்தான். அப்புறம் கணக்குப் பிரிவு எங்கோ கோட்டை விட்டிருக்கும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்தக் கட்டத்தில்தான் கோப்புகள் என்னிடம் வந்தன.

கணக்கில் கூட்டல் பிழை ஒன்றும் இல்லை. தொழிற்சாலை அப்சார்ப்ஷன் காஸ்டிங் முறையில், அதாவது நிலையான உற்பத்திச் செலவையும் ஒவ்வொரு வால்வின் மேல் ஏற்றும் முறையில், லாபம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த முறையில் லாபத்தை நகர்த்துவது விற்பனை மட்டும் அல்ல, உற்பத்தியும்தான். அந்த ஆண்டு இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடியிருந்தன. எண்களைக் கணக்குப் போட வசதியாக முழு எண்களாக்கித் தருகிறேன். எந்த நாணயம் என்றாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால் தொகையை மட்டும் எழுதுகிறேன்.

தொழிற்சாலையின் செலவுகள்

ஒரே அளவு, ஒரே வகை வால்வுதான் தயாராகிறது. விற்பனை விலை 500. ஒரு வால்வு செய்ய மூலப்பொருள் 200, நேரடிக் கூலி 50, மாறும் உற்பத்தி மேற்செலவு 30. மூன்றும் சேர்த்து 280. விற்கும்போது கமிஷனும் அனுப்பும் செலவுமாக வால்வுக்கு 20 போகிறது. இந்த 20 விற்றால்தான் உண்டு. கிடங்கில் கிடக்கும் வால்வுக்குக் கிடையாது.

ஒரு காலாண்டுக்கு நிலையான உற்பத்தி மேற்செலவு 12 லட்சம்: கட்டட வாடகை, இயந்திர வாடகை, மேற்பார்வையாளர் சம்பளம், பராமரிப்பு ஒப்பந்தம் போன்றவை. பத்து வால்வு செய்தாலும் பத்தாயிரம் செய்தாலும் இது மாறாது. அலுவலகத்துக்கும் விற்பனைப் பிரிவுக்குமான நிலையான செலவு தனியே 5 லட்சம். இயல்பான உற்பத்தித் திறன் காலாண்டுக்கு 10,000 வால்வு.

அப்சார்ப்ஷன் முறைக்கும் மார்ஜினல் காஸ்டிங் என்ற இன்னொரு முறைக்கும் வேறுபாடு அந்த 12 லட்சத்தை என்ன செய்கிறோம் என்ற ஒரே இடத்தில்தான் இருக்கிறது. மார்ஜினல் காஸ்டிங் அதை அந்தக் காலாண்டின் செலவாகவே மொத்தமாக எழுதிவிடும். வாடகை மூன்று மாதத்துக்குக் கொடுத்தது, மூன்று மாதம் முடிந்தது, அதோடு அது தீர்ந்தது என்று பார்க்கும். இருப்பில் உள்ள வால்வின் மதிப்பு 280தான். அப்சார்ப்ஷன் காஸ்டிங் அந்த 12 லட்சத்தை 10,000 வால்வுக்குப் பங்கிட்டு, தயாராகும் ஒவ்வொரு வால்வின் மேலும் 120 ஏற்றும். வால்வின் அடக்கவிலை 400 ஆகிறது. அந்த 120 எப்போது செலவாகும் என்றால், அந்த வால்வு விற்கும்போது. அதுவரை அது சரக்கிருப்பின் மதிப்புக்குள் சொத்தாக உட்கார்ந்திருக்கும்.

அலுவலக, விற்பனைச் செலவு 5 லட்சத்தை இரண்டு முறையுமே இருப்பில் ஏற்றாது. மாறும் விற்பனைச் செலவு 20-ம் அப்படியே. மார்ஜினல் முறையில் மாறும் செலவெல்லாம் இருப்பு மதிப்பில் வரும் என்று தவறாகப் புரிந்துகொண்டு, இறுதி இருப்பை 300 என்று மதிப்பிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விலையிலிருந்து மாறும் செலவு போக மிஞ்சும் பங்களிப்பைக் கணக்கிடும்போது 300 கழியும், இருப்பை மதிப்பிடும்போது 280 மட்டும்தான். இந்த இடத்தில் சறுக்கினால் கடைசியில் இரண்டு முறை லாபத்தையும் சரிக்கட்டும் பட்டியல் பொருந்தவே பொருந்தாது.

மூன்று காலாண்டுகள்

ஆண்டு தொடங்கும்போது கிடங்கில் 1,000 வால்வு இருந்தது. பிறகு நடந்தது இது:

| | முதல் காலாண்டு | இரண்டாம் காலாண்டு | மூன்றாம் காலாண்டு |
|---|---|---|---|
| உற்பத்தி | 10,000 | 12,000 | 7,000 |
| விற்பனை | 10,000 | 8,000 | 11,000 |
| இறுதி இருப்பு | 1,000 | 5,000 | 1,000 |
| அப்சார்ப்ஷன் லாபம் | 3,00,000 | 3,80,000 | 20,000 |
| மார்ஜினல் லாபம் | 3,00,000 | நட்டம் 1,00,000 | 5,00,000 |

அட்டவணையில் மார்ஜினல் வரிசை நான் பிறகு சேர்த்தது. கூட்டத்துக்கு வந்தவர்கள் பார்த்தது அப்சார்ப்ஷன் வரிசையை மட்டும்தான்.

மார்ஜினல் கணக்கு எளிது. ஒரு வால்வு விற்றால் 500-ல் 300 போக 200 பங்களிப்பு. மொத்த நிலையான செலவு 17 லட்சம். ஆக, 8,500 வால்வு விற்றால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. இரண்டாம் காலாண்டில் விற்றது 8,000தான், பங்களிப்பு 16 லட்சம், நட்டம் ஒரு லட்சம். மூன்றாம் காலாண்டில் 11,000 விற்றதால் பங்களிப்பு 22 லட்சம், லாபம் 5 லட்சம். உற்பத்தி எவ்வளவு என்ற கேள்வியே இந்தக் கணக்கில் எழவில்லை.

அப்சார்ப்ஷன் கணக்கை இரண்டாம் காலாண்டுக்குப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு வால்வில் விலை 500, அடக்கவிலை 400, விற்பனைச் செலவு 20. மிச்சம் 80. எட்டாயிரம் வால்வுக்கு 6.4 லட்சம். அலுவலக, விற்பனை நிலையான செலவு 5 லட்சத்தைக் கழித்தால் 1.4 லட்சம். இதோடு நின்றால் லாபம் 1.4 லட்சம்தான். ஆனால் அந்தக் காலாண்டில் 12,000 வால்வு தயாரானது. ஒவ்வொன்றிலும் 120 ஏற்றியதால் மொத்தம் 14.4 லட்சம் ஏற்றப்பட்டது. உண்மையில் செலவானது 12 லட்சம். கூடுதலாக ஏறிய 2.4 லட்சத்தை லாபத்தில் திருப்பிச் சேர்க்கிறோம். 1.4-ம் 2.4-ம் சேர்ந்து 3.8 லட்சம்.

மூன்றாம் காலாண்டில் இதே இயந்திரம் தலைகீழாகச் சுற்றியது. 11,000 வால்வுக்கு 80 வீதம் 8.8 லட்சம், 5 லட்சம் போக 3.8 லட்சம். ஆனால் தயாரானது 7,000 மட்டும், ஏற்றியது 8.4 லட்சம். 12 லட்சத்தில் 3.6 லட்சம் எந்த வால்வின் மேலும் ஏறாமல் நின்றுவிட்டது. அதை லாபத்திலிருந்து கழித்ததும் கையில் நின்றது 20 ஆயிரம். விற்பனை மேலாளருக்குப் புரியாமல் போன வரி இதுதான். கணக்கில் அது 'குறைவாக ஏற்றப்பட்ட மேற்செலவு' என்று ஒரு வரியில் அச்சாகியிருந்தது. அதற்கும் தன் விற்பனைக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்டது நியாயம்தான். ஒரு சம்பந்தமும் இல்லை.

இதே குழப்பம் பழையது. 1936-ல் ஜொனாதன் ஹாரிஸ் என்பவர் அமெரிக்கக் காஸ்ட் அக்கவுண்டன்ட் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. விற்பனை உயர்ந்தும் லாபம் ஏன் குறைந்தது என்று நிர்வாகம் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான் அதன் மையம். மார்ஜினல் காஸ்டிங்கை அங்கே டைரக்ட் காஸ்டிங் என்று அழைத்தார்கள்.

அந்த 4.8 லட்சம்

இரண்டாம் காலாண்டில் ஒரு முறை 3.8 லட்சம் லாபம் என்கிறது, இன்னொன்று ஒரு லட்சம் நட்டம் என்கிறது. வித்தியாசம் 4.8 லட்சம். இது எங்கே இருக்கிறது என்று கேட்டால் கிடங்கைக் காட்டலாம்.

காலாண்டின் தொடக்கத்தில் 1,000 வால்வு. அப்சார்ப்ஷன் முறையில் அவற்றின் மதிப்பில் 1.2 லட்சம் நிலையான செலவு ஒளிந்திருந்தது. முடிவில் 5,000 வால்வு, அவற்றுக்குள் 6 லட்சம். நிகரமாக 4.8 லட்சம் இந்தக் காலாண்டின் செலவிலிருந்து கழன்று இருப்புக்குள் போய்விட்டது. மார்ஜினல் முறையில் அப்படிப் போக இடமே இல்லை. இருப்பு கூடினால் அப்சார்ப்ஷன் லாபம் அதிகம், இருப்பு குறைந்தால் மார்ஜினல் லாபம் அதிகம், மாறாவிட்டால் இரண்டும் சமம் என்று பாடத்தில் படிப்பதெல்லாம் இந்த ஒரு நகர்வின் மூன்று முகங்கள்தான். மூன்றாம் காலாண்டில் 5,000 இருப்பு 1,000 ஆனபோது அதே 4.8 லட்சம் கிடங்கை விட்டு வெளியே வந்து அந்தக் காலாண்டின் செலவில் சேர்ந்தது. மூன்று காலாண்டையும் கூட்டினால் இரண்டு முறையிலும் லாபம் 7 லட்சம்தான். உற்பத்தி 29,000, விற்பனை 29,000. தொடக்கத்திலும் முடிவிலும் இருப்பு ஒன்றே என்பதால் வித்தியாசம் முழுக்கக் கரைந்துவிடுகிறது.

இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. வித்தியாசத்தைக் காண இறுதி இருப்பை 120-ஆல் பெருக்கி 6 லட்சம் என்று சொல்லிவிடக் கூடாது. தொடக்க இருப்பும் போன காலாண்டின் நிலையான செலவைச் சுமந்துகொண்டுதான் உள்ளே வருகிறது. பார்க்க வேண்டியது இருப்பில் ஏற்பட்ட மாற்றத்தை.

லாபம் எதைச் சொன்னாலும் பணம் என்ன ஆனது என்று பார்க்கலாம். கடன் எதுவும் இல்லை, எல்லாம் கைக்குக் கை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் காலாண்டில் வரவு 40 லட்சம். உற்பத்தியின் மாறும் செலவு 33.6 லட்சம், விற்பனைச் செலவு 1.6 லட்சம், நிலையான செலவு 17 லட்சம். மொத்தம் 52.2 லட்சம் வெளியே போனது. லாபம் 3.8 லட்சம் என்று அச்சடித்த அதே காலாண்டில் ரொக்கம் 12.2 லட்சம் குறைந்திருக்கிறது. வங்கிக் கணக்கைப் பார்த்திருந்தால் அப்போதே யாராவது கேட்டிருப்பார்கள். மார்ஜினல் லாபம் ரொக்கத்தைச் சொல்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இருப்பில் முடங்கிய 4,000 வால்வின் மாறும் செலவு 11.2 லட்சத்தை அதுவும் சொத்தாகத்தான் காட்டுகிறது. ஒரு லட்சம் நட்டமும் 11.2 லட்சம் முடக்கமும் சேர்ந்துதான் அந்த 12.2 லட்சம்.

ஏன் 12,000 செய்தார்கள்?

கணக்கு முறை எண்ணை மட்டும் மாற்றுகிறது. இருப்பு ஏன் குவிந்தது என்ற கேள்விக்கு ஆலை மேலாளரிடம்தான் போக வேண்டியிருந்தது. மூன்றாம் காலாண்டில் ஒரு இயந்திர வரிசையைப் பழுது பார்க்க நிறுத்த வேண்டும், அதற்கு முன்பே செய்து வைத்தேன் என்றார். உண்மைதான், பராமரிப்புக் குறிப்பேடு அதைக் காட்டியது. கூடவே இன்னொரு உண்மையும் இருந்தது. அவருடைய ஊக்கத்தொகை காலாண்டு லாபத்தோடு கட்டப்பட்டிருந்தது. விற்பனை சரிகிறது என்று தெரிந்த மாதத்தில் உற்பத்தியை ஏற்ற அவருக்கு எந்தத் தடையும் இல்லை. ஏற்றினால் லாபமும் ஏறும்.

அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று நான் முடிவு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. இந்த முறையில் விற்காமலே லாபத்தைக் கூட்டும் வழி திறந்திருக்கிறது என்பது மட்டும் எண்ணிலேயே தெரிகிறது. கூடுதலாகச் செய்யும் ஒவ்வொரு வால்வும், அது விற்றாலும் விற்காவிட்டாலும், அந்தக் காலாண்டின் லாபத்தில் 120 சேர்க்கிறது. அந்தக் காலாண்டில் 8,000 மட்டும் செய்திருந்தால் இருப்பு மாறியிருக்காது, அப்சார்ப்ஷன் லாபமும் ஒரு லட்சம் நட்டமாகத்தான் வந்திருக்கும். நான்காயிரம் வால்வைக் கிடங்கில் அடுக்கியதுதான் நட்டத்தை லாபமாக்கியது.

இதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க அட்டவணை எதுவும் வேண்டாம். விற்பனை குறைந்து லாபம் உயர்ந்திருந்தால் முதலில் இருப்பைப் பாருங்கள். இருப்பு எத்தனை நாள் விற்பனைக்குச் சமம் என்று கணக்கிட்டால் இந்தத் தொழிற்சாலையில் முதல் காலாண்டு முடிவில் 9 நாள், இரண்டாம் காலாண்டு முடிவில் 56 நாள். அடுத்தது, 'அதிகமாக ஏற்றப்பட்ட மேற்செலவு' என்ற வரி. காலாண்டு லாபம் 3.8 லட்சத்தில் 2.4 லட்சம் அந்த ஒரு வரியிலிருந்து வந்திருந்தால், அந்த லாபம் சந்தையில் சம்பாதித்தது இல்லை என்று புரிந்துவிடும்.

கணக்கியல் தரம் இதைத் தடுக்காதா?

பங்குதாரர்களுக்கும் வெளியாருக்கும் போகும் நிதி அறிக்கையில் மார்ஜினல் முறையில் இருப்பை மதிப்பிட முடியாது. சர்வதேசக் கணக்கியல் தரம் ஐஏஎஸ் 2, நிலையான உற்பத்தி மேற்செலவை இருப்பின் அடக்கவிலையில் சேர்க்கச் சொல்கிறது. அதே தரம் ஒரு கட்டுப்பாடும் போடுகிறது. இயல்பான உற்பத்தித் திறனை வைத்துத்தான் பங்கிட வேண்டும். உற்பத்தி குறைந்தால் ஏறாமல் நின்ற தொகையை இருப்பில் திணிக்கக் கூடாது, அந்தக் காலத்தின் செலவாகவே எழுத வேண்டும். மூன்றாம் காலாண்டின் 3.6 லட்சத்துக்கு இந்தத் தொழிற்சாலை செய்தது சரிதான்.

அசாதாரணமாக உற்பத்தி கூடினாலோ, வால்வுக்கு ஏற்றும் தொகையைக் குறைக்க வேண்டும். செலவானதை விட அதிகமாக இருப்பில் ஏற்றி வைக்கக் கூடாது என்பது நோக்கம். 12,000 என்பது அசாதாரணமா என்று வாதாடலாம். அசாதாரணம்தான் என்று வைத்துப் போட்டுப் பார்ப்போம். 12 லட்சத்தை 12,000-க்குப் பங்கிட்டால் வால்வுக்கு 100. புதிய வால்வின் அடக்கவிலை 380. முதலில் வந்தது முதலில் போகிறது என்று கொண்டால், விற்ற 8,000-ல் பழைய 1,000 வால்வு 400 வீதம், மீதி 7,000 வால்வு 380 வீதம். விற்ற சரக்கின் அடக்கம் 30.6 லட்சம். 40 லட்சத்தில் அதையும் 1.6 லட்சம் விற்பனைச் செலவையும் 5 லட்சத்தையும் கழித்தால் லாபம் 2.8 லட்சம்.

கவனியுங்கள். தரத்தின் கட்டுப்பாடு 3.8 லட்சத்தை 2.8 லட்சமாக்கியது, அவ்வளவுதான். ஒரு லட்சம் நட்டம் இன்னும் வெளியே தெரியவில்லை. அதிகமாக ஏற்றுவதை அது தடுத்தது, நிலையான செலவு இருப்புக்குள் ஒதுங்குவதைத் தடுக்கவில்லை. தடுக்கும் நோக்கமும் அதற்கு இல்லை.

இங்கே பாடநூல் சூத்திரமும் உடைகிறது. இருப்பு 4,000 கூடியது, அதை 120-ஆல் பெருக்கினால் 4.8 லட்சம், 100-ஆல் பெருக்கினால் 4 லட்சம். உண்மையான வித்தியாசம் 3.8 லட்சம், இரண்டிலும் சேரவில்லை. இறுதி இருப்பில் உள்ள நிலையான செலவு 5,000 × 100, அதாவது 5 லட்சம். தொடக்க இருப்பில் 1,000 × 120, அதாவது 1.2 லட்சம். கழித்தால் 3.8 லட்சம். ஏற்றும் விகிதம் இரண்டு காலத்துக்கும் ஒன்றாக இருக்கும்போது மட்டும்தான் 'இருப்பு மாற்றம் பெருக்கல் விகிதம்' செல்லும். விகிதம் மாறினால் இரண்டு இருப்பையும் தனித்தனியே பிரித்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே சரி.

இன்னொரு காவலும் உண்டு. விற்றால் நிகரமாக எவ்வளவு கிடைக்குமோ அதற்கு மேல் இருப்பை மதிப்பிடக் கூடாது. இங்கே 500-ல் 20 போக 480 கிடைக்கும், அடக்கவிலை 400. ஆகவே அந்தக் காவலுக்கு வேலை வரவில்லை. குவிந்த சரக்கைத் தள்ள விலையை 410-க்கு இறக்க வேண்டிய நிலை வந்திருந்தால் நிகரம் 390 ஆகியிருக்கும், 5,000 வால்வில் 10 வீதம் 50 ஆயிரம் உடனே நட்டமாக எழுத வேண்டியிருந்திருக்கும்.

அப்சார்ப்ஷன் முறையின் பக்கமும் ஒரு நியாயம்

இதுவரை படித்தவர்களுக்கு மார்ஜினல் முறைதான் நேர்மையானது என்று தோன்றலாம். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆண்டு முழுவதும் சீராக உற்பத்தி செய்து, இரண்டு மூன்று மாதத்தில் மொத்தமாக விற்கிற தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ஜினல் கணக்கு முதல் மூன்று காலாண்டும் பெரிய நட்டம் காட்டும், கடைசிக் காலாண்டில் மலை போல லாபம் காட்டும். அந்த நட்டத்தைப் பார்த்து நிர்வாகம் உற்பத்தியை நிறுத்தினால் தொழிலே போய்விடும். நாளை நிச்சயமாக விற்கப்போகிற சரக்கைச் செய்வதற்கு இன்று கொடுத்த வாடகையை அந்தச் சரக்கோடு சேர்த்துப் பார்ப்பதில் தவறு இல்லை. குவிந்த இருப்புக்குப் பின்னால் உறுதியான விற்பனை இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நம் தொழிற்சாலையில் மூன்றாம் காலாண்டில் 4,000 வால்வும் முழு விலைக்கு விற்றுத் தீர்ந்தன. அந்த அளவில் ஆலை மேலாளரின் முடிவு தொழிலுக்குக் கெடுதல் செய்யவில்லை. கணக்குதான் லாபத்தை மூன்று மாதம் முன்னால் இழுத்துக் காட்டியது.

விலை நிர்ணயத்திலும் இதே தயக்கம் வரும். 300-க்கு மேல் எந்த விலையும் பங்களிப்பு தருகிறது என்று மார்ஜினல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஆர்டர்களை வாங்கினால், ஒரு நாள் 17 லட்சத்தை யார் கொடுப்பது என்று தெரியாமல் நிற்க வேண்டி வரும். மிச்சத் திறன் இருக்கும்போது வரும் ஒற்றை ஆர்டருக்கு அந்த எண் பொருந்தும், நிரந்தர விலைப் பட்டியலுக்குப் பொருந்தாது.

என்ன மாற்றினார்கள்

வெளியே போகும் கணக்கு அப்படியே இருந்தது. உள்ளே மாதந்தோறும் போகும் அறிக்கையில் மார்ஜினல் லாபத்தை மேலே போட்டு, அதன் கீழே ஒரு வரியில் 'இருப்பில் ஏறிய அல்லது இறங்கிய நிலையான செலவு' என்று காட்டி, அப்சார்ப்ஷன் லாபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டாம் காலாண்டை இப்படி எழுதினால்: நட்டம் 1 லட்சம், இருப்பில் ஏறியது 4.8 லட்சம், லாபம் 3.8 லட்சம். மூன்றே வரி. நிர்வாக இயக்குநர் அதைப் பார்த்துவிட்டு, "இதை முதல்லயே இப்படிக் கொடுத்திருக்கலாமேப்பா" என்று கணக்கு மேலாளரிடம் சொன்னார். ஆலை மேலாளரின் ஊக்கத்தொகையை லாபத்திலிருந்து கழற்றி, சேதாரம், இயந்திர ஓட்ட நேரம், திட்டமிட்ட இருப்பு அளவு ஆகியவற்றோடு கட்டினார்கள். லாபத்தில் பாதி அவர் கையில் இல்லாதது என்பதால் இதுவே பொருத்தம் என்று எனக்கும் பட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சு முடியவில்லை. நேரடிக் கூலி 50-ஐ மாறும் செலவு என்று எழுதியிருந்தோம். சம்பளப் பட்டியலைப் பார்த்தால் தொழிலாளர்கள் மாதச் சம்பளக்காரர்கள். உற்பத்தி 7,000 ஆனபோது கூலி 3.5 லட்சமாகக் குறைந்ததாகக் கணக்கில் இருந்தது, காரணம் சிலரைப் பராமரிப்புப் பணிக்கு அனுப்பி அந்தச் சம்பளத்தை அங்கே எழுதியிருந்தார்கள். உண்மையில் கூலியும் பெரும்பாலும் நிலையானதுதான் என்றால், நாம் மார்ஜினல் என்று காட்டிய இருப்பு மதிப்பு 280-க்குள்ளேயே ஒரு 50 நிலையான செலவு ஒளிந்திருக்கிறது. அதையும் அந்தந்தக் காலாண்டின் செலவாக எழுதினால் இருப்பு மதிப்பு 230 ஆகும். இரண்டாம் காலாண்டில் செலவழித்த கூலி 6 லட்சம், விற்ற வால்வோடு போனது 4 லட்சம். மீதி 2 லட்சமும் அந்தக் காலாண்டிலேயே செலவாகி, நட்டம் ஒரு லட்சத்திலிருந்து 3 லட்சமாகும்.

கணக்கு மேலாளர் அதை ஏற்கவில்லை. கூடுதல் உற்பத்திக்கு ஓவர்டைம் கொடுத்தோமே, அது மாறும் செலவுதானே என்றார். அதுவும் சரி. அடிப்படைச் சம்பளத்தை நிலையானதாகவும் ஓவர்டைமை மாறும் செலவாகவும் பிரித்து எழுத, சம்பளப் பிரிவிடம் ஆள்வாரியாக நேரப் பதிவு கேட்டிருக்கிறார்கள். அது வரும் வரை உள்ளறிக்கையில் 280தான் ஓடுகிறது, பக்கத்தில் பென்சிலால் எழுதிய 230-ம் சேர்ந்து.